வினை அசையாது: ‘டெஸ்ஹால்ப்’பும் ‘உண்ட்’டும்

ஜேர்மன் படிக்கிற எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் ரெண்டு பட்டியல் கையில் கிடைக்கும். முதல் பட்டியலில் ஐந்து சொற்கள்: ஆபர் (ஆனால்), டென் (ஏனென்றால்), உண்ட் (உம்), சொண்டெர்ன் (அப்படியல்ல, மாறாக), ஓடர் (அல்லது). முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘ஆடுசோ’ எண்டு பாடமாக்கச் சொல்லுவார்கள். இந்தச் சொற்களுக்குப் பிறகு வசனம் வழமைபோல எழுவாயில் தொடங்கும். ரெண்டாவது பட்டியலில் டெஸ்ஹால்ப் (அதனால்), ட்ரொட்ஸ்டேம் (அப்படியிருந்தும்), டான் (பிறகு), டனாஹ் (அதற்குப் பிறகு) போன்ற சொற்கள். இவற்றுக்குப் பிறகு வினை முன்னுக்கு வரும், எழுவாய் அதற்குப் பின்னால் போகும். ஏன் என்று பட்டியலில் எழுதியிருக்காது.

நான் கலைப்பீடத்தில் மொழியியல் படிக்கிறேன். என்ரை பெரியம்மாவின் மகள், அக்கா, ஜேர்மனியில் தாதியர் பயிற்சிக்குப் போவதற்காக பி1 சோதனைக்குப் படிக்கிறா. ரெண்டு வருடமாக ஒரே வகுப்புக்குத்தான் போகிறோம். அவவுக்கு அது வேலைக்கும் விசாவுக்கும், எனக்கு மொழி எப்படி வேலை செய்யுது எண்டு பார்க்கிற ஆசைக்கு. வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் அக்கா சித்தியடைந்துவிட்டா. எழுத்து மட்டும்தான் மிச்சம். கோத்தே நிறுவனத்தின் பி1 சோதனையில் ஒவ்வொரு பகுதியையும் தனியாக எழுதலாம், ஒவ்வொன்றிலும் 100க்கு 60 புள்ளி வேண்டும். எழுத்துப் பகுதிக்கு 60 நிமிடம். அதில் முதல் வேலை, நண்பர் ஒருவருக்குச் சுமார் 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல் எழுதுவது.

80 சொல் பெரிய விஷயமில்லைத்தான். ஆனால் திருத்துபவர்கள் பார்க்கிறவற்றில் ஒன்று, வசனங்கள் ஒன்றோடொன்று கோர்வையாக நிற்கின்றனவா என்பது. இன்னொன்று, வசன அமைப்புச் சரியா என்பது. டெஸ்ஹால்ப், ட்ரொட்ஸ்டேம் ஒன்றுமே போடாமல் குட்டிக் குட்டி வசனமாக எழுதினால் கோர்வையில் புள்ளி போகும். போட்டுவிட்டு ஒழுங்கை மாற்றி எழுதினால் அமைப்பில் போகும். அக்கா இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் நின்றா.

ஒருநாள் அக்கா கேட்டா: “பிள்ளை, ‘ஆபர்’ எண்டாலும் ‘ட்ரொட்ஸ்டேம்’ எண்டாலும் எனக்குக் கருத்து ஒண்டுதான். அப்ப ஏன் ஒண்டுக்கு வினை பேசாம இருக்குது, மற்றதுக்கு மட்டும் பாய்ஞ்சு முன்னுக்கு வருகுது?”

சரியான கேள்வி. இந்த ரெண்டு வசனத்தையும் பாருங்கள்:

இஹ் பின் க்ராங்க், ஆபர் இஹ் ஆர்பைட.
(எனக்குச் சுகமில்லை, ஆனால் நான் வேலை செய்கிறேன்.)

இஹ் பின் க்ராங்க், ட்ரொட்ஸ்டேம் ஆர்பைட இஹ்.
(எனக்குச் சுகமில்லை, அப்படியிருந்தும் நான் வேலை செய்கிறேன்.)

‘இஹ்’ என்றால் நான், ‘ஆர்பைட’ என்றால் வேலை செய்கிறேன். சொல்ல வருகிற விஷயம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே எந்தச் சொல் எந்தப் பட்டியலில் என்பதைக் கருத்து தீர்மானிக்கவில்லை. வேறு ஏதோ தீர்மானிக்கிறது.

அதைக் காண, முதலில் அக்காவின் கேள்வியிலேயே ஒரு சொல்லை மாற்ற வேண்டும். வினை பாயவில்லை. ஜேர்மன் மொழியில் சாதாரண முதன்மை வசனத்தில், அதாவது கேள்வியோ கட்டளையோ இல்லாத வசனத்தில், வினை ரெண்டாவது இடத்தில் ஆணி அடித்தமாதிரி நிற்கும். அதற்கு முன்னால் ஒரேயொரு இருக்கைதான் இருக்கிறது. அந்த இருக்கையில் எழுவாய் இருக்கலாம், நேரம் இருக்கலாம், இடம் இருக்கலாம், செயப்படுபொருள்கூட இருக்கலாம். ஆனால் ஒன்றுதான் இருக்கலாம். 1937இல் எரிஹ் ட்ராஹ் என்ற ஜேர்மன் அறிஞர் வசனத்தைக் களங்களாகப் பிரித்துக் காட்டியபோது, வினைக்கு முன்னால் உள்ள இந்த இடத்துக்கு ‘ஃபோர்ஃபெல்ட்’ என்று பெயர் வைத்தார். தமிழில் முன்களம் என்று சொல்லலாம்.

‘சனிக்கிழமை எனக்கு நேரம் இருக்கு’ என்பதை எடுத்துக்கொள்வோம்.

இஹ் ஹாப அம் ஸாம்ஸ்டாக் ட்சைட்.
அம் ஸாம்ஸ்டாக் ஹாப இஹ் ட்சைட்.

‘ஹாப’தான் வினை. முதல் வசனத்தில் முன்களத்தில் ‘இஹ்’ இருக்கிறது. ரெண்டாவதில் ‘அம் ஸாம்ஸ்டாக்’, அதாவது சனிக்கிழமை, வந்து இருந்துவிட்டது. இருக்கை நிறைந்தபடியால் ‘இஹ்’ வினைக்குப் பின்னால் போய் நிற்கிறது. ‘ஹாப’ ரெண்டிலும் அதே ரெண்டாவது இடத்தில்தான். ‘அம் ஸாம்ஸ்டாக்’ ரெண்டு சொல்லாக இருந்தாலும் ஓர் அலகு, ஆகவே ஓர் இருக்கை. நாங்கள் எண்ண வேண்டியது சொற்களையல்ல, அலகுகளை.

வகுப்பில் இதை ‘வசனம் திரும்புது’ என்று சொல்லித்தருவார்கள். அந்தப் பேச்சே குழப்பத்தைத் தருகிறது. எழுவாயும் வினையும் இடம் மாறவில்லை. வினை நின்ற இடத்திலேயே நிற்கிறது. முன்னுக்கு வேறு யாரோ இருந்துவிட்டதால் எழுவாய் பின்னுக்குப் போனது, அவ்வளவுதான்.

இனி டெஸ்ஹால்ப்புக்கு வருவோம். அதற்கு முன் ‘வைல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் விடை அங்கேதான் இருக்கிறது. ‘வைல்’ என்றால் ‘என்பதால்’ மாதிரி. அது தொடங்கும் துணை வசனத்தில் வினை கடைசிக்குப் போகும், எங்கட தமிழைப் போலவே.

வைல் இஹ் ஃபீபர் ஹாப, கான் இஹ் நிஹ்ட் கொமன்.
(எனக்குக் காய்ச்சல் என்பதால், என்னால் வர முடியாது.)

காற்புள்ளிக்குப் பிறகு உடனே ‘கான்’ (முடியும்) வருகிறது. ஏன்? ‘வைல் இஹ் ஃபீபர் ஹாப’ என்ற முழுத் துணை வசனமும் பெரிய வசனத்தின் ஓர் அலகு. அது முன்களத்தில் இருக்கிறது. இருக்கை நிறைந்தது. அடுத்தது வினை. ‘நிஹ்ட்’ என்றால் இல்லை என்ற மறுப்பு, ‘கொமன்’ என்றால் வர, அது கடைசியில்.

இப்போது அதே செய்தியை ரெண்டாகப் பிரித்து எழுதுவோம்:

இஹ் ஹாப ஃபீபர். டெஸ்ஹால்ப் கான் இஹ் நிஹ்ட் கொமன்.
(எனக்குக் காய்ச்சல். அதனால் என்னால் வர முடியாது.)

ரெண்டு வசனங்களிலும் ‘கான் இஹ் நிஹ்ட் கொமன்’ எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ‘வைல் இஹ் ஃபீபர் ஹாப’ இருந்த அதே இருக்கையில் ‘டெஸ்ஹால்ப்’ வந்து இருக்கிறது. நீண்ட காரண வசனத்துக்குப் பதிலாள் அது. ‘எனக்குக் காய்ச்சல்’ என்று ஒருமுறை சொல்லியாயிற்று, திரும்பச் சொல்லாமல் அதைச் சுட்டிக் காட்டுகிறது.

சொல்லைப் பிரித்தாலும் இது தெரியும். ‘டெஸ்’ என்பது ‘அதன்’ என்ற பொருளுள்ள பழைய ஆறாம் வேற்றுமை வடிவம். ‘ஹால்ப்’ என்பது ‘பொருட்டு’ மாதிரி ஒரு சொல். சேர்த்தால் ‘அதன் பொருட்டு’. ‘ட்ரொட்ஸ்டேம்’ என்பதில் ‘ட்ரொட்ஸ்’ என்றால் ‘மீறியும்’, ‘டேம்’ என்றால் ‘அதை’. ‘டனாஹ்’வில் ‘நாஹ்’ என்றால் ‘பிறகு’, முன்னால் இருப்பது சுட்டு. எல்லாவற்றுக்குள்ளும் ஒரு ‘அது’ ஒளிந்திருக்கிறது.

இந்த இடத்தில் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அதனால், அதற்குப் பிறகு, அப்படியிருந்தும் என்ற சொற்களைப் பாருங்கள். மூன்றும் சுட்டெழுத்தான அகரத்தில் தொடங்குகின்றன. மூன்றும் முதலே சொன்ன ஒன்றைக் கைகாட்டுகின்றன. அவற்றின் ஜேர்மன் இணைகள் மூன்றும் முன்களத்தில் இருக்கிறவை. ‘ஆனால்’ அப்படியில்லை. அது ‘ஆ’ என்ற வினையின் நிபந்தனை வடிவம், ‘ஆகினால்’ என்பதுபோல. அதில் சுட்டு இல்லை. ‘அல்லது’ அகரத்தில் தொடங்கினாலும் அது சுட்டு இல்லை, ‘அல்’ என்ற மறுப்பு வேர். ‘உம்’ ஒரு தனிச்சொல்லே இல்லை. இவற்றின் இணைகள் முறையே ஆபர், ஓடர், உண்ட். மூன்றும் ஆடுசோவில். பள்ளிக்கூடத்தில் ‘அதனால்’, ‘ஆனால்’ எல்லாவற்றையும் இணைப்பிடைச்சொல் என்று ஒரே பெட்டிக்குள் போட்டுப் படித்துவிட்டோம். தமிழில் வினை எப்படியும் கடைசியில் நிற்பதால் அந்த வித்தியாசம் எங்களுக்கு ஒருநாளும் தேவைப்படவில்லை.

ஆங்கிலமும் உதவாது. ‘தெயர்ஃபோர் ஐ காண்ட் கம்’ என்று எழுதினால் எழுவாய் அப்படியே வினைக்கு முன்னால் நிற்கிறது. பழைய ஆங்கிலத்திலும் வினை ரெண்டாம் இடத்துக்கு வருகிற வழக்கம் நிறைய இருந்தது, பிறகு தேய்ந்துபோனது. ‘நெவர் ஹாவ் ஐ சீன்’ போன்ற சில இடங்களில் மட்டும் அதன் மிச்சம் கிடக்கிறது. ஆங்கிலம் வழியாக ஜேர்மன் படிக்கிற எங்களுக்கு அதனால் எச்சரிக்கை மணி ஒன்றும் அடிக்காது.

அப்ப ஆடுசோ ஐந்தும் ஏன் இருக்கையைப் பிடிப்பதில்லை? அவை வசனத்துக்குள் வருவதே இல்லை. ‘உண்ட்’ என்ன செய்கிறது என்று பாருங்கள். ரெண்டு வசனங்களை இணைக்கும். ரெண்டு பெயர்களை இணைக்கும். ரெண்டு வினைகளையும் இணைக்கும். அது இணைக்கிற ரெண்டு பக்கத்தில் எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லை. ரெண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கிற வேலி மாதிரி. வேலி எந்த வீட்டின் அறையாகவும் எண்ணப்படாது. ஆகவே ஜேர்மன் இலக்கணப் புத்தகங்கள் இந்த இடத்தைப் பூச்சிய இடம் என்று சொல்லும். பூச்சியத்துக்குப் பிறகுதான் ஒன்று தொடங்கும்.

‘உண்ட்’ எந்தத் துணை வசனத்துக்கும் பதிலாளாக முடியாது. ‘ஏன் வரவில்லை?’ ‘எப்போது வந்தாய்?’ என்ற எந்தக் கேள்விக்கும் அது விடையில்லை. வசனத்துக்குள் அதற்கு வேலை இல்லை, வேலை இல்லாதவருக்கு இருக்கையும் இல்லை.

இப்போது அக்கா பயிற்சிக்கு எழுதிய மின்னஞ்சலைப் பார்ப்போம். நண்பி பிறந்தநாளுக்கு அழைத்திருக்கிறா, போக முடியவில்லை, காரணம் சொல்லி வேறு நாள் கேட்க வேண்டும். அக்கா சம்மதித்த பிறகுதான் இங்கே போடுகிறேன். நான்கு வசனங்களின் கீழ் அக்கா கேள்விக்குறி போட்டிருந்தா.

முதலாவது: ‘இஹ் ஹாப ஃபீபர், டெஸ்ஹால்ப் இஹ் கான் நிஹ்ட் கொமன்.’ இதில் வினைக்கு முன்னால் ரெண்டு பேர், டெஸ்ஹால்ப்பும் இஹ்ஹும். இருக்கை ஒன்று. ஒருவர் பின்னுக்குப் போகவேண்டும்: ‘டெஸ்ஹால்ப் கான் இஹ் நிஹ்ட் கொமன்.’ இல்லாவிட்டால் டெஸ்ஹால்ப்பையே உள்ளுக்கு அனுப்பலாம்: ‘இஹ் கான் டெஸ்ஹால்ப் நிஹ்ட் கொமன்.’ இதுவும் சரியான ஜேர்மன்தான். பட்டியலை மட்டும் பாடமாக்கியவருக்கு இந்த ரெண்டாவது வசனம் அதிசயமாக இருக்கும், ‘டெஸ்ஹால்ப் வந்தும் வசனம் திரும்பவில்லையே’ என்று. டெஸ்ஹால்ப் முன்களத்தில் இல்லாதபோது எழுவாய் அங்கே இருப்பதில் என்ன அதிசயம்?

ரெண்டாவது: ‘இஹ் கான் நிஹ்ட் கொமன், டென் ஹாப இஹ் ஃபீபர்.’ முதல் வசனத்தில் திருத்தம் வாங்கியவர்கள் அடுத்து எழுதுகிற வசனம் பெரும்பாலும் இதுதான். இணைப்புச்சொல் கண்ட இடமெல்லாம் வினையை முன்னுக்கு இழுத்துவிடுவார்கள். டென் பூச்சியத்தில் நிற்கிறது. முன்களம் வெறுமையாகக் கிடக்கிறது, அதை நிரப்பவேண்டும்: ‘டென் இஹ் ஹாப ஃபீபர்.’ டென்னுக்கும் வைல்லுக்கும் கருத்து ஏறக்குறைய ஒன்று என்றாலும், வைல் வசனத்தை முதலில் வைத்துத் தொடங்கலாம், டென் வசனத்தை அப்படி வைக்க முடியாது. வேலி ரெண்டு வீட்டுக்கும் நடுவில்தானே நிற்கவேண்டும்.

மூன்றாவது: ‘உண்ட் அம் ஸாம்ஸ்டாக் ஹாப இஹ் ட்சைட்.’ (சனிக்கிழமை எனக்கு நேரமும் இருக்கு.) இதை எழுதிவிட்டு, “உண்ட் போட்டால் திரும்பக் கூடாதே” என்று அக்கா தானே வெட்டப் பார்த்தா. வெட்டத் தேவையில்லை. உண்ட் பூச்சியத்தில், அம் ஸாம்ஸ்டாக் ஒன்றில், ஹாப ரெண்டில். எழுவாயைப் பின்னுக்குத் தள்ளியது உண்ட் இல்லை, சனிக்கிழமை.

நான்காவது: ‘இஹ் ப்ளைப இம் பெட் உண்ட் ட்ரிங்க டே.’ (நான் கட்டிலில் இருந்துகொண்டு தேத்தண்ணி குடிக்கிறேன்.) உண்ட்டுக்குப் பிறகு உடனே வினை. இதுவும் சரி. ‘ட்ரிங்க’ முன்னுக்கு வந்ததுபோல் தெரிந்தாலும், உண்மையில் ரெண்டு பகுதிக்கும் ஒரே ‘இஹ்’தான், ரெண்டாம் முறை சொல்லாமல் விட்டிருக்கிறோம். எழுவாய் இல்லாமல் போயிருக்கிறது, பின்னுக்குப் போகவில்லை. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம்: வினைக்குப் பின்னால் எழுவாயைத் தேடுங்கள். இல்லையென்றால் இது பகிர்ந்த எழுவாய்.

நான்கு கேள்விக்குறியில் ரெண்டு சரியான வசனங்களின் கீழ். பட்டியலைப் பாடமாக்கியதன் விலை இதுதான் என்று எனக்குத் தோன்றியது. பிழையைப் பிடிக்காததோடு, சரியானதையும் சந்தேகிக்க வைக்கிறது. 60 நிமிடத்தில் மூன்று எழுத்து வேலைகளை முடிக்கவேண்டிய ஒருவருக்கு ரெண்டாவதுதான் அதிகம் நேரம் தின்னும்.

ஒரு புதிய சொல் வந்தால் எந்தப் பக்கம் என்று எப்படிப் பார்ப்பது? எனக்குப் பிடித்த சோதனை, அதற்கு முன்னால் ‘உண்ட்’ போட்டுப் பார்ப்பது. ‘உண்ட் டெஸ்ஹால்ப்’ வரும். ‘உண்ட் ட்ரொட்ஸ்டேம்’ வரும். ‘உண்ட் டான்’ வரும். பூச்சிய இடத்தை உண்ட் பிடித்துவிட்டதால், அடுத்து வந்த சொல் வசனத்துக்குள்தான் இருக்கவேண்டும். ‘உண்ட் டென் இஹ் ஹாப’, ‘உண்ட் ஓடர்’ என்று வராது. ஒரே இடத்துக்கு ரெண்டு பேர் அடிபடுகிறார்கள்.

எல்லாம் இவ்வளவு துப்பரவாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ‘ஆபர்’ வசனத்துக்கு நடுவிலும் வரும்: ‘இஹ் கான் ஆபர் நிஹ்ட் கொமன்.’ நாங்கள் பேச்சில் ‘நான் ஆனா வரமாட்டன்’ என்று சொல்கிற மாதிரித்தான். ஆனாலும் அது தனியாக முன்களத்தில் இருக்காது. ‘டொஹ்’ என்று ஒரு சொல், அதுவும் ‘ஆனால்’தான். அதை ரெண்டு விதமாகவும் எழுதலாம்: ‘டொஹ் இஹ் ஆர்பைட’, ‘டொஹ் ஆர்பைட இஹ்’. முதலாவதில் அது வேலி, ரெண்டாவதில் அது வீட்டுக்குள். இது விதிவிலக்கு இல்லை, ஒரே சொல்லுக்கு ரெண்டு வேலை.

டென், டான் ரெண்டின் கதை இன்னும் சுவையானது. இன்றைக்கு டென் பூச்சியத்தில், டான் ஒன்றில். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், மாணவர்கள் அடிக்கடி மாற்றி எழுதுகிற சோடி. ஆனால் பழைய ஜேர்மனில் இவை ஒரே சொல்லின் ரெண்டு உச்சரிப்புகள். பதினெட்டாம் நூற்றாண்டளவில்தான் வேலை பிரித்துக்கொண்டு தனித்தனிச் சொற்களாக நிலைத்தன. ஒன்று சுட்டுகிற வேலையை வைத்துக்கொண்டது, மற்றது அதைக் கைவிட்டு வேலியாகப் போனது. ஆகவே சொல்லின் வேரை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. ‘அது’ உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது நல்ல தொடக்கம். கடைசி முடிவு, அந்தச் சொல் இன்றைக்கு வசனத்துக்குள் வேலை செய்கிறதா என்பதில்தான்.

அக்கா இப்போது பட்டியலைப் பார்ப்பதில்லை. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினைக்கும் கீழே பென்சிலால் கோடு போடுகிறா. கோட்டுக்கு முன்னால் எத்தனை அலகு என்று எண்ணுகிறா, ஆடுசோ ஐந்தையும் எண்ணாமல். முதன்மை வசனத்தில் ஒன்று வந்தால் அடுத்த வசனத்துக்குப் போகலாம். ரெண்டு வந்தால் யாரோ ஒருவரை எழுப்பவேண்டும். 80 சொல் மின்னஞ்சலுக்கு இந்த எண்ணிக்கை ரெண்டு நிமிடம்கூட எடுப்பதில்லை. போன கிழமை எழுதியதில் ஒரு ‘டெஸ்ஹால்ப்’, ஒரு ‘ட்ரொட்ஸ்டேம்’, ரெண்டு ‘உண்ட்’ இருந்தன. கேள்விக்குறி ஒன்றும் இல்லை. சோதனை அடுத்த மாதம்.